டெட் பாஸ் பண்ணிட்டா வாத்தியார் வேலை கிடைச்சிருமா? பி.எட், டெட், டிஆர்பி மூணும் எப்படி ஒண்ணா சேருது

எங்க சித்தி பொண்ணு டெட் பேப்பர் 2 பாஸ் பண்ணா. 150க்கு 97. ரிசல்ட் பாத்த கையோட போன் பண்ணி அவ கேட்ட முதல் கேள்வி, "அக்கா, கவுன்சிலிங் எப்போ கூப்பிடுவாங்க? நம்ம ஜில்லாவுலயே போடுவாங்களா?"ன்னுதான். அதுக்குள்ள சித்தப்பா தெரு பூரா மைசூர்பாகு குடுத்துட்டாரு, "பொண்ணுக்கு கவர்மென்ட் வேலை ஆயிருச்சு"ன்னு வேற சொல்லிட்டாரு. நான் 2013ல டெட் பாஸ் பண்ணவ, இன்னிக்கு வரைக்கும் ஒரு தனியார் பள்ளியிலதான் கணக்கு எடுத்துட்டு இருக்கேன். அவகிட்ட உண்மைய எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு முழு சாயங்காலம் ஆச்சு. அன்னிக்கு சொன்னத கொஞ்சம் ஒழுங்கு பண்ணி இங்க எழுதுறேன், ஏன்னா இந்தக் குழப்பம் அவ ஒருத்திக்கு மட்டும் இல்ல, பி.எட் சேரப்போற பிள்ளைங்க, அவங்களுக்கு ஃபீஸ் கட்டுற அப்பா அம்மா, எல்லாருக்கும் இருக்கு. இதுல சொல்றது எல்லாமே தமிழ்நாட்டு நிலவரம்.

பஸ் டிரைவர் கணக்கு

ஒருத்தர் பஸ் டிரைவர் ஆகணும்னு வச்சுக்குவோம். முதல்ல ஓட்டப் பழகணும், கிளட்ச் எது பிரேக் எதுன்னு தெரியணும். அடுத்து ஆர்டிஓ ஆபீஸ்ல டெஸ்ட் குடுத்து ஹெவி லைசென்ஸ் வாங்கணும். லைசென்ஸ் கையில வந்த அன்னிக்கே அரசுப் போக்குவரத்துக் கழகத்துல இருந்து சாவியக் குடுத்துருவாங்களா? மாட்டாங்க. அங்க காலியிடம் வரணும், அறிவிப்பு வரணும், அவங்க வைக்கிற தேர்வுல ஜெயிக்கணும். அதே லைசென்ஸ வச்சு தனியார் பஸ் முதலாளிகிட்ட போனா அவரு ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லிப் பாத்துட்டு நாளைக்கே வான்னு சொல்லலாம்.

இதுல ஓட்டப் பழகுறதுதான் பி.எட், இல்லன்னா டி.எல்.எட். லைசென்ஸ் வந்து டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. போக்குவரத்துக் கழகத்து தேர்வு மாதிரி இருக்கறது ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துற நியமனத் தேர்வு, அந்த வாரியத்தத்தான் நம்ம ஆளுங்க டிஆர்பின்னு சொல்றாங்க. குழப்பத்துக்கு ஒரு பெரிய காரணம் என்னன்னா டெட்டையும் அதே டிஆர்பிதான் நடத்துது. ஒரே ஆபீஸ், ஒரே வெப்சைட், ஆனா ரெண்டு வேற வேற பரீட்சை. ஒண்ணு தகுதி பாக்கறது, இன்னொண்ணு ஆள் எடுக்கறது.

முதல் படி: படிப்பு. எந்த வகுப்புக்கு எந்தப் படிப்பு

பிளஸ் டூ முடிச்சிட்டு ரெண்டு வருஷம் படிக்கிறது டி.எல்.எட், தொடக்கக் கல்வி பட்டயம். பழைய ஆளுங்க இத டீச்சர் டிரெயினிங்னும் டி.டி.எட்னும் சொல்லுவாங்க. இத முடிச்சவங்க 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கும், அதாவது இடைநிலை ஆசிரியர் வேலைக்கு. டிகிரி முடிச்சிட்டு படிக்கறது பி.எட், முன்னாடி ஒரு வருஷமா இருந்துச்சு, 2015-16ல இருந்து ரெண்டு வருஷம். இவங்க 6ஆம் வகுப்புல இருந்து 10 வரைக்கும் எடுக்கற பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு. 11, 12க்கு எடுக்கற முதுகலை ஆசிரியருக்கு பி.ஜி.யும் பி.எட்டும் சேர்ந்து வேணும்.

நிறைய பேர் இன்னும் நம்புற ஒரு தப்பு இங்க இருக்கு. "பி.எட் பெரிய படிப்பு, அப்போ சின்ன வகுப்புக்கும் எடுக்கலாம்தானே?" முடியாது. 2018ல தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில், அதான் என்சிடிஇ, பி.எட் முடிச்சவங்க 1 முதல் 5 வரைக்கும் எடுக்கலாம், வேலையில சேர்ந்த அப்புறம் 6 மாச இணைப்புப் பயிற்சி எடுத்தா போதும்னு ஒரு அறிவிப்பு குடுத்துச்சு. அது செல்லாதுன்னு 2023 ஆகஸ்ட் 11ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிருச்சு. கோர்ட் சொன்ன காரணம் எனக்கு ரொம்ப சரின்னு படுது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு 'அ' சொல்லித்தர்றது பெரிய படிப்பு படிச்சவங்களுக்கு தன்னால வந்துராது, அது தனி வித்தை, அந்தப் பயிற்சி பி.எட்ல கிடையாது. அதனால 5ஆம் வகுப்பு வரைக்கும் எடுக்கணும்னா டி.எல்.எட்தான் வழி.

ரெண்டாவது விஷயம், டிகிரியோட பேரு. இதுல அடிபடுறவங்க ரொம்ப அதிகம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். அரசு வேலைக்குப் போறப்போ பரீட்சையில மார்க் வாங்குனா மட்டும் போதாது, அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்புன்னு ஒண்ணு இருக்கு. அங்க உக்காந்திருக்கறவங்க உங்க பட்டச் சான்றிதழ்ல என்ன பேரு போட்டிருக்கோ அதத்தான் பாப்பாங்க. வெறும் "கணிதம்"னு போட்டிருந்தா பிரச்சினை இல்ல. ஆனா இப்போ காலேஜ் எல்லாம் "கணிதம் மற்றும் கணினிப் பயன்பாடு", "பயன்பாட்டு நுண்ணுயிரியல்"னு புதுசு புதுசா பேரு வச்சு கோர்ஸ் நடத்துது. அந்தப் பேரு விதியில இருக்கற பாடத்துக்குச் சமம்னு அரசு ஒரு உத்தரவு போட்டிருக்கணும், அதுக்குப் பேரு இணைத்தன்மை அரசாணை. அது இல்லன்னா நீங்க எவ்வளவு மார்க் எடுத்தாலும் அந்த மேஜையில இருந்து வெளிய வர வேண்டியதுதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, தேர்வுல நல்ல மார்க், சரிபார்ப்புக்கு காலையிலயே பிள்ளையத் தூக்கிட்டுப் போனவங்க, "உங்க டிகிரிக்கு ஆர்டர் இல்லம்மா"ன்னு சொன்னதும் மத்தியானமே திரும்பி வந்தாங்க. பி.எட் சேரறதுக்கு முன்னாடியே பாக்க வேண்டியது இது.

அதோட, வெளி மாநிலத்துல "காலேஜ் பக்கமே வரவேணாம், பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்"னு சொல்லி பி.எட் சீட் விக்கறவங்க இருக்காங்க. அதுல சேராதீங்க. பி.எட்ல 20 வாரம் பள்ளிக்கூடத்துல போய் பயிற்சி எடுக்கணும்னு விதி, காலேஜுக்கு என்சிடிஇ அங்கீகாரம் இருக்கணும்னு விதி. வராமலே குடுத்த சர்டிஃபிகேட் ஒரு நாள் இல்ல ஒரு நாள் சரிபார்ப்புல மாட்டும்.

இதுவரைக்கும் சொன்னது: சின்ன வகுப்புக்கு டி.எல்.எட், 6க்கு மேல டிகிரியும் பி.எட்டும், 11க்கு மேல பி.ஜி.யும் பி.எட்டும். டிகிரியோட பேரு விதியில இருக்கணும், இல்லன்னா இணைத்தன்மை அரசாணை இருக்கணும்.

ரெண்டாவது படி: டெட். இது ரேங்க் இல்ல, வாசல்

2009ல கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்துச்சு, 2010 ஏப்ரல் 1ல நடைமுறைக்கு வந்துச்சு. 8ஆம் வகுப்பு வரைக்கும் பாடம் நடத்தறவங்களுக்கு குறைஞ்சபட்ச தகுதி என்னன்னு முடிவு பண்ற பொறுப்பு என்சிடிஇகிட்ட போச்சு, அவங்க 2010 ஆகஸ்ட் 23ல போட்ட அறிவிப்புலதான் டெட் கட்டாயம்னு வந்துச்சு. இந்த "8ஆம் வகுப்பு வரைக்கும்"ங்கற வார்த்தைய மனசுல வச்சுக்கங்க, பின்னாடி பல கேள்விக்கு பதில் அதுலயே இருக்கு.

டெட்ல ரெண்டு பேப்பர். பேப்பர் 1 டி.எல்.எட் காரங்களுக்கு, பேப்பர் 2 பி.எட் காரங்களுக்கு. கடைசி வருஷம் படிச்சிட்டு இருக்கறவங்களும் எழுதலாம். ஒவ்வொண்ணும் 150 கேள்வி, 150 மார்க், தப்பா எழுதுனா மார்க் குறைக்க மாட்டாங்க. பேப்பர் 2ல 30 மார்க் குழந்தை வளர்ச்சி, 30 தமிழ் இல்லன்னா வேற மொழி, 30 இங்கிலீஷ், மிச்சம் 60 கணக்கும் அறிவியலும், இல்லன்னா சமூக அறிவியல். எங்க சித்தி பொண்ணுக்கு கணக்கு தண்ணி பட்ட பாடு, ஆனா அந்த 60லயே தவளை இதயத்துக்கு எத்தனை அறைன்னும் கேப்பாங்க, பிளஸ் டூவோட உயிரியல மூடி வச்சவளுக்கு அதுதான் இடிச்சுது. மூணு மாசம் 6லிருந்து 10 வரைக்கும் சமச்சீர் அறிவியல் புக்க உக்காந்து வரி வரியா படிச்சா.

குழந்தை வளர்ச்சின்னா என்னன்னு ஒரு உதாரணம். ஒரு 5 வயசுப் பிள்ளை முன்னாடி அகலமான கிண்ணத்துல தண்ணி வச்சு, அதே தண்ணிய ஒல்லியான உசந்த டம்ளர்ல ஊத்திக் காமிங்க. "எதுல அதிகம்?"னு கேட்டா பிள்ளை டம்ளரத்தான் காட்டும். ஊத்துனத கண்ணால பாத்திருந்தாலும் அப்படித்தான் சொல்லும், ஏன்னா உசரம் மாறினாலும் அளவு மாறாதுங்கற புரிதல் பொதுவா 7 வயசுக்கு மேலதான் பிடிபடும். பியாஜேன்னு ஒரு உளவியல் அறிஞர் இத விளக்கியிருக்காரு. இது தெரிஞ்ச டீச்சர் 1ஆம் வகுப்புப் பிள்ளை தப்பு பண்ணா அடிக்க மாட்டாங்க. டெட்டுல இந்தப் பகுதி வச்சதுக்கு காரணமே அதுதான், ஆனா நம்ம ஆளுங்க இத பேரும் வருஷமும் மனப்பாடம் பண்ணி தாண்டிப் போயிடறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு.

பாஸ் மார்க் 60 சதவீதம், அதாவது 90. இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 2014ல 5 சதவீதம் குறைச்சு 82 ஆக்குனாங்க. இந்தச் சலுகை பிரிவுக்குப் பிரிவு அப்பப்போ மாறுது, அதனால நீங்க எழுதுற வருஷத்து அறிவிப்புல உங்க பிரிவுக்கு என்ன போட்டிருக்குன்னு பாத்துக்கங்க. முன்னாடி டெட் சர்டிஃபிகேட் 7 வருஷம்தான் செல்லும்னு இருந்துச்சு, 2021ல ஆயுசுக்கும் செல்லும்னு மாத்தி, 2011ல இருந்து பாஸ் பண்ண எல்லாருக்கும் பொருந்தும்னு சொல்லிட்டாங்க. என்னோட 2013 சர்டிஃபிகேட்டுக்கு உயிர் வந்தது அப்போதான்.

இது போட்டித் தேர்வு இல்லங்கறத கவனிங்க. எவ்வளவு பேரு 90 எடுத்தாலும் அத்தன பேரும் பாஸ்தான். காலியிடம் எவ்வளவுன்னு டெட் அறிவிப்புல இருக்காது, ஏன்னா அது வேலைக்கான அறிவிப்பே இல்ல.

சுருக்கமா: டெட் 8ஆம் வகுப்பு வரைக்கும் எடுக்கறவங்களுக்கான லைசென்ஸ். ஒருதரம் வாங்குனா ஆயுசுக்கும். அதுல வர்றது ரேங்க் இல்ல.

அப்போ ஏன் எல்லாரும் டெட் பாஸ்னா வேலைன்னு நினைக்கறாங்க?

ஒரு காலத்துல அது கிட்டத்தட்ட உண்மையா இருந்ததால. சித்தப்பா தலைமுறையில பி.எட் முடிச்சு வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சு வச்சா, பதிவு மூப்புப்படி பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சாவது கார்டு வரும். அதுக்கு அப்புறம் 2012 ஜூலையில முதல் டெட் வந்துச்சு. ஒன்றரை மணி நேரத்துல 150 கேள்வி. 6 லட்சத்துக்கு மேல எழுதி 2,448 பேர்தான் பாஸ். ஊரே அதிர்ந்து போச்சு. நேரத்த 3 மணி நேரமா ஆக்கி அக்டோபர்ல மறுபடியும் வச்சாங்க. பாஸ் பண்ணவங்க கம்மி, காலியிடம் அதிகம், அதனால அப்போ பாஸ் பண்ணவங்களுக்கு கையோட வேலை கிடைச்சுது. "டெட் பாஸ்னா வேலை"ங்கற பேச்சு ஊருக்குள்ள பரவுனது அங்க இருந்துதான்.

2013ல நான் எழுதுனப்போ பாஸ் பண்ணவங்க ரொம்ப அதிகமாயிட்டாங்க. யார எடுக்கறதுன்னு பிரிக்கறதுக்கு வெயிட்டேஜ்னு ஒரு முறை. 2014 மே மாசம் வந்த அரசாணை 71ன் படி பட்டதாரி ஆசிரியருக்கு பிளஸ் டூ மார்க்குக்கு 10, டிகிரிக்கு 15, பி.எட்டுக்கு 15, டெட்டுக்கு 60, மொத்தம் 100. எங்க சித்தி பொண்ணு மார்க்க வச்சே போட்டுப் பாப்போம். பிளஸ் டூ 78 சதவீதம், அதுக்கு 7.8. டிகிரி 68 சதவீதம், 10.2. பி.எட் 75 சதவீதம், 11.25. டெட் 97, அத 150ஆல வகுத்து 60ஆல பெருக்குனா 38.8. கூட்டுனா 68.05. இந்த நம்பர வச்சுத்தான் வரிசை.

பாக்க நியாயமா இருக்கு, ஆனா 1990கள்ல பிளஸ் டூ படிச்சவங்களுக்கு 60 சதவீதமே பெரிய மார்க், 2008ல படிச்சவங்களுக்கு 85 சாதாரணம். அப்போ ஒரே டெட் மார்க் எடுத்தாலும் மூத்தவங்க பின்னாடி போயிடுவாங்க, முப்பது வருஷத்துக்கு முன்னாடி வாங்குன மார்க்க இனி திருத்தவும் முடியாது. இதுக்காக எத்தனையோ போராட்டம், வழக்கு. கடைசியில 2018 ஜூலையில அரசாணை 149 வந்து வெயிட்டேஜ எடுத்துட்டு, டெட் பாஸ் பண்ணவங்களுக்கு தனியா ஒரு நியமனத் தேர்வுன்னு மாத்திருச்சு. எங்கள மாதிரி 2013 ஆளுங்களுக்கு அது பெரிய அடி, தகுதி வாங்கி அஞ்சு வருஷம் காத்திருந்தவங்கள மறுபடியும் பரீட்சை எழுதச் சொன்னா வலிக்கத்தான் செய்யும். ஆனா இன்னிக்கு இருக்கற விதி அதுதான்.

மூணாவது படி, முதல் கதவு: அரசுப் பள்ளி

இனி அவ ஒருத்தியவே எடுத்துக்கிட்டு, அவ முன்னாடி என்னென்ன கதவு இருக்குன்னு பாப்போம். கையில இருக்கறது: பி.எஸ்சி கணக்கு, பி.எட், டெட் பேப்பர் 2.

அரசுப் பள்ளின்னா பட்டதாரி ஆசிரியர் நியமனத் தேர்வு. புது முறையில இது முதல்முதலா நடந்தது 2024 பிப்ரவரி 4ல, வட்டார வளமைய பயிற்றுநர் இடமும் சேர்த்து 2,222 இடம்னு 2023 அக்டோபர்ல அறிவிப்பு வந்துச்சு. இடைநிலை ஆசிரியருக்கு அதே வருஷம் ஜூலை 21ல நடந்துச்சு. டெட் பாஸ் பண்ணவங்க மட்டும்தான் இதுக்கு அப்ளை பண்ணவே முடியும். முதல்ல தமிழ் தகுதித் தாள் 50 மார்க், அதுல 40 சதவீதம் எடுக்கலன்னா மெயின் பேப்பர திருத்தவே மாட்டாங்க. மெயின் பேப்பர் 150 மார்க், அவளுக்கு அது கணக்குப் பாடத்துலயே இருக்கும், டிகிரி அளவுல. டெட்டுக்கு பள்ளிக்கூடப் புக்கு படிச்ச மாதிரி இதுக்குப் படிச்சா பத்தாது, காலேஜ் அல்ஜீப்ராவையும் அனாலிசிஸையும் தூசி தட்டி எடுக்கணும்.

அப்புறம் வரிசை போடறது ஒரே பட்டியலா இல்ல. கணக்குக்கு எத்தன இடம், அதுல அவ பிரிவுக்கு எத்தன, பெண்களுக்கு எத்தன, தமிழ் வழியில படிச்சவங்களுக்கு உள்ள 20 சதவீதத்துல எத்தனன்னு பிரிச்சுப் பிரிச்சுத்தான் போவாங்க. அதனால "எவ்வளவு எடுத்தா வேலை?"ங்கற கேள்விக்கு பொதுவா ஒரு நம்பர் சொல்ல முடியாது, பாடத்துக்குப் பாடம் மாறும். தமிழ் வழிச் சலுகை வேணும்னா 1ஆம் வகுப்புல இருந்து பி.எட் வரைக்கும் தமிழ் வழியில படிச்சதுக்கு அந்தந்த ஸ்கூல், காலேஜ்ல சான்று வாங்கணும், அறிவிப்பு வந்த அப்புறம் ஓடுனா கிடைக்கறதுக்குள்ள தேதி முடிஞ்சிரும்.

பி.ஜி. முடிச்சவங்களுக்கு ஒரு வார்த்தை. 11, 12க்கு எடுக்கற முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு டெட் தேவையில்ல. முன்னாடி சொன்னேனே, டெட் 8ஆம் வகுப்பு வரைக்கும்னு, அதான் காரணம். அப்போ 9, 10க்கு மட்டும் ஏன் கேக்கறாங்கன்னா, பட்டதாரி ஆசிரியருங்கற ஒரே பதவிதான் 6லிருந்து 10 வரைக்கும் எடுக்குது, அதுல 6, 7, 8 உள்ள வந்துருதுல்ல.

நிரந்தர வேலை இல்லாம, பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிகமாவும் அரசுப் பள்ளியில எடுக்கறாங்க. 2022ல இது ஆரம்பிச்சப்போ பட்டதாரி ஆசிரியருக்கு மாசம் 10,000 ரூபா, அப்புறம் கூட்டுனாங்க. டெட் பாஸ் பண்ணவங்களுக்கு இதுல முன்னுரிமை உண்டு. ஆனா இது பின்னாடி நிரந்தரம் ஆகும்னு யாராவது சொன்னா நம்பி உக்காந்துராதீங்க.

ரெண்டாவது கதவு: அரசு உதவி பெறும் பள்ளி

எய்டட் ஸ்கூல்னு சொல்றது இதத்தான். ஸ்கூல் தனியாருது, சம்பளம் அரசு குடுக்குது. டிஆர்பி தேர்வு கிடையாது, நிர்வாகம்தான் ஆள் எடுக்கும், எடுத்துட்டு கல்வித் துறைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கும். அந்த ஒப்புதல் வந்தாத்தான் அரசு சம்பளம். பி.எட், டெட் ரெண்டும் இல்லாம 6 முதல் 10 வரைக்கான ஆளுக்கு ஒப்புதல் வாங்கறது ரொம்ப கஷ்டம்.

ஆபத்து இங்கதான் இருக்கு. பிள்ளைங்க எண்ணிக்கைய வச்சு ஒரு ஸ்கூலுக்கு இத்தன ஆசிரியர்னு அரசு கணக்கு போட்டிருக்கும். அந்தக் கணக்குக்கு உள்ள இருக்கற இடமா, வெளியவான்னு தெரியாம சேர்ந்தா ஒப்புதல் வராது. எங்க காலேஜ்ல கூடப் படிச்ச ஒருத்தங்க நகைய வித்து லட்சக்கணக்குல குடுத்து ஒரு எய்டட் ஸ்கூல்ல சேந்தாங்க, "ஃபைல் மேல போயிருக்கு"ன்னு சொல்லியே நாலு வருஷம் சம்பளம் இல்லாம வேலை பாத்தாங்க, கடைசியில அந்த இடமே உபரின்னு வந்துருச்சு. யாராவது எய்டட்ல இடம் இருக்குன்னு சொன்னா, இது அனுமதிக்கப்பட்ட இடமா, முன்னாடி யார் இருந்தாங்க, அவங்க ரிட்டயர் ஆன ஆர்டர் எங்க, இந்த இடத்த நிரப்ப துறை குடுத்த அனுமதிக் கடிதம் எங்கன்னு கேளுங்க. பேப்பர காட்ட மாட்டேங்கறாங்கன்னா விட்டுட்டு வந்துருங்க.

மூணாவது கதவு: மெட்ரிக், சிபிஎஸ்இ

உதவி வாங்காத தனியார் பள்ளியில நேரா ரெஸ்யூம், அப்புறம் டெமோ கிளாஸ். அவள நான் ஒரு மெட்ரிக் ஸ்கூலுக்கு கூட்டிட்டுப் போனப்போ 7ஆம் வகுப்புல பின்னம் எடுக்கச் சொன்னாங்க, 15 நிமிஷம். கடைசி பெஞ்சுல பிரின்சிபலும் இன்னொரு கணக்கு டீச்சரும் உக்காந்திருந்தாங்க. ஒரு பையன் 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/5னு சொன்னான். அவ தப்புன்னு சொல்லல, ஒரு பேப்பர பாதியா மடிச்சுக் காட்டி, "2/5 இதவிட பெருசா சின்னதா?"ன்னு கேட்டா. சின்னதுன்னு சொன்னான், சொன்னவனே "அப்போ பாதியோட கொஞ்சம் சேத்தா எப்படி பாதியவிட கம்மியா வரும்"னு முழிச்சான். வேலை கிடைச்சது அந்த இடத்துலதான். டெட் இருக்கான்னு அவங்க கேக்கவே இல்ல.

கேக்கலங்கறதுக்காக தேவையில்லன்னு ஆகாது. சட்டப்படி 8ஆம் வகுப்பு வரைக்கும் எடுக்கறவங்களுக்கு தனியார் பள்ளியிலயும் டெட் வேணும். நடைமுறையில பி.எட் மட்டும் இருக்கறவங்களயும், சில இடத்துல அதுகூட இல்லாதவங்களயும் கம்மி சம்பளத்துக்கு எடுத்து ஓட்டறாங்கங்கறதுதான் நிலைமை. அங்கீகாரம் புதுப்பிக்கற நேரம் வந்து ஆசிரியர் தகுதிப் பட்டியல் கேக்கறப்போ முதல்ல வெளிய போறது டெட் இல்லாதவங்கதான்.

சிபிஎஸ்இ பள்ளிகள்ல சிடெட் கேப்பாங்க, அது மத்திய அரசோட தகுதித் தேர்வு, சிபிஎஸ்இ போர்டே நடத்துது. அமைப்பு நம்ம டெட் மாதிரியேதான், 150 மார்க், மொழிப் பட்டியல்ல தமிழும் இருக்கு. கேந்திரிய வித்யாலயா மாதிரி மத்திய அரசுப் பள்ளிக்கு 8 வரைக்கும் எடுக்கற வேலைக்கு சிடெட் இல்லாம அப்ளை பண்ண முடியாது, அங்கயும் அதுக்கு மேல தனியா ஒரு தேர்வு இருக்கு. டெட்டுக்கு படிச்ச படிப்பு சிடெட்டுக்கும் பெரும்பாலும் உதவும், ரெண்டையும் எழுதி வச்சுக்கறது நல்லது.

ஏற்கனவே வேலையில இருக்கறவங்களுக்கு

2025 செப்டம்பர் 1ல உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பு டெட் வர்றதுக்கு முன்னாடி வேலையில சேந்தவங்களயும் உள்ள இழுத்துருச்சு. ரிட்டயர் ஆக 5 வருஷத்துக்கு மேல இருக்கறவங்க 2 வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும். 5 வருஷத்துக்கு கம்மியா இருக்கறவங்க அப்படியே தொடரலாம், ஆனா பதவி உயர்வு வேணும்னா டெட் வேணும். சிறுபான்மையினர் நடத்துற பள்ளிகளுக்கு இது பொருந்துமாங்கற கேள்விய பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்காங்க. மறுசீராய்வு கேட்டு தமிழ்நாடு அரசும் போயிருக்கு. 25 வருஷம் பாடம் எடுத்த எங்க ஊரு டீச்சர் ஒருத்தங்க இப்போ பேத்தியோட மேஜையில உக்காந்து 150 கேள்வி போட்டுப் பழகறாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு.

அவ இப்போ என்ன பண்றா

அன்னிக்கு சாயங்காலம் இவ்வளவும் சொல்லி முடிச்சப்போ அவ கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் ஃபைல தொறந்து டிகிரி சர்டிஃபிகேட்ட எடுத்தா. "கணிதம்"னு மட்டும் இல்ல, பக்கத்துல "கணினிப் பயன்பாட்டுடன்"னு இருந்துச்சு. மறுநாள் காலையில மெட்ரிக் ஸ்கூல்ல லீவு சொல்லிட்டு படிச்ச காலேஜுக்குப் போனா, ஆபீஸ் கிளார்க் ரெண்டு பீரோவக் கிளறி இணைத்தன்மை அரசாணையோட நகல் ஒண்ணு எடுத்துக் குடுத்தாரு, அவ பல்கலைக்கழகப் பேரும் பட்டத்துப் பேரும் அதுல இருந்துச்சு. ரெண்டு ஜெராக்ஸ் போட்டு, ஒண்ண டெட் சர்டிஃபிகேட்டுக்குப் பின்னாடி சொருகி, இன்னொண்ண எங்கிட்ட குடுத்து வச்சிருக்கா. இப்போ தினம் ராத்திரி 9 மணிக்கு மேல, பழைய காலேஜ் நோட்ட வச்சு ரியல் அனாலிசிஸ் போட்டுட்டு இருக்கா. சித்தப்பாகிட்ட இன்னும் முழுசா சொல்லல.